வாசகம் நினைவில் நிற்கிறதா, புரிகிறதா? ஐந்து புதியவர்களிடம் சோதிப்பது எப்படி?

நீலத்தாள்

வணக்கம். நானும் என் தோழியும் கைபேசி பழுதுபார்க்கும் தொழில் தொடங்குகிறோம். பெயர்ப்பலகைக்கும் துண்டறிக்கைக்கும் ஒரு வாசகம் வேண்டும். இரண்டு வாரம் யோசித்து ஒன்றை எழுதினோம்:

பழுது போகும், பழகியது போகாது.

நாங்கள் சொல்ல வந்தது இதுதான். பலர் கைபேசியைப் பழுதுபார்க்கக் கொடுக்கவே பயப்படுகிறார்கள். திரும்பி வரும்போது படங்களும் தொடர்பு எண்களும் அழிந்து போயிருக்குமோ என்ற பயம். நாங்கள் எதையும் அழிக்காமல் சரிசெய்து தருகிறோம். பழுது மட்டும் போகும், நீங்கள் பழகிய எல்லாம் அப்படியே இருக்கும் என்று பொருள்.

உறவினர், நண்பர் என்று பத்துப் பேரிடம் காட்டினோம். பத்துப் பேரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் அச்சகத்தில் ஒருவர், "தெரியாத ஐந்து பேரிடம் சோதித்துவிட்டு வாருங்கள், அதன்பிறகு அச்சடிக்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்தச் சோதனையை எப்படிச் செய்வது? யாராவது செய்திருக்கிறீர்களா?

வெள்ளோட்டம்

நல்ல வாசகம். ஐந்து பேரிடம் காட்டி, பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேளுங்கள். இன்னும் இரண்டு வாசகங்களையும் சேர்த்துக் காட்டினால் எது வெற்றி பெறுகிறது என்று தெரிந்துவிடும். எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு அப்படித்தான் வாக்கெடுப்பு நடத்தித் தேர்ந்தெடுத்தோம்.

எழுத்தாணி

வெள்ளோட்டம், நீங்கள் சொல்வது தேர்தல். அவர் கேட்பது வேறு. எந்த வாசகம் பிடிக்கிறது என்பதை வாக்கெடுப்பு சொல்லும். நினைவில் நின்றதா, சொல்ல வந்தது போய்ச் சேர்ந்ததா என்று அது சொல்லாது. ஒருவருக்கு மிகவும் பிடித்த வாசகத்தைப் பத்து நிமிடம் கழித்துக் கேட்டால் ஒரு சொல்லும் வாயில் வராமல் விழிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நீலத்தாள் அம்மா, பொதுச் சுகாதார அறிவிப்புகளின் வாசகங்களைச் சோதிக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் நான். செய்யும் முறையைச் சொல்கிறேன்.

முதலில், வாசகத்தைக் கேட்டவர் என்ன புரிந்துகொள்ள வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதித் தேதியிட்டு மடித்து வையுங்கள். "கைபேசியைச் சரிசெய்வார்கள், அதிலுள்ள படங்களும் எண்களும் அழியாது" என்று உங்கள் பதிவிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். இதை முன்பே எழுதாவிட்டால், அவர்கள் எதைச் சொன்னாலும் "ஏறத்தாழ அதுதானே" என்று நம் மனம் ஒப்புக்கொண்டுவிடும். சோதனை அந்த இடத்திலேயே கெட்டுப்போகிறது.

பிறகு ஆட்கள். உங்களைத் தெரியாதவர்கள், நீங்கள் என்ன தொழில் செய்யப்போகிறீர்கள் என்பதும் தெரியாதவர்கள், ஆனால் ஒருநாள் உங்களிடம் கைபேசியைக் கொடுக்கக்கூடியவர்கள். உங்கள் பத்து நண்பர்களுக்கும் வாசகத்தைப் படிக்கும் முன்பே பொருள் தெரியும். அவர்கள் உங்கள் முகத்தைப் படித்தார்கள், அட்டையைப் படிக்கவில்லை. ஐந்து பேரையும் தனித்தனியாகச் சந்தியுங்கள். இருவர் சேர்ந்து நின்றால் முதலில் பேசியவரின் பதிலே இரண்டாமவரின் பதிலாகிவிடும்.

மூன்று அட்டைகள் தயார் செய்யுங்கள். ஒரே அளவு, ஒரே எழுத்து, படம் இல்லாமல். முதலாவதிலும் மூன்றாவதிலும் தொடர்பில்லாத வேறு இரண்டு அறிவிப்புகள், நடுவில் உங்கள் வாசகம். வரிசையில் முதலில் வருவதும் கடைசியில் வருவதும் எளிதாக நினைவில் தங்கும், நடுவில் வருவது நழுவும். அந்தக் கடினமான இடத்தில் உங்கள் வாசகம் நிற்கட்டும். ஒவ்வொன்றையும் ஐந்து விநாடி காட்டி எடுத்துவிடுங்கள். நினைவுச் சோதனை என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். சொன்னால் மனப்பாடம் செய்யத் தொடங்குவார்கள். தெருவில் நடந்து போகிறவர் யாரும் பலகையைப் பார்த்து மனப்பாடம் செய்வதில்லை.

அட்டைகளை வைத்துவிட்டு மூன்று நிமிடம் வேறு எதையாவது பேசுங்கள். கைபேசியைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். 1959ஆம் ஆண்டில் பீட்டர்சன் என்ற உளவியலாளர் தம்பதியர் செய்த புகழ்பெற்ற சோதனை ஒன்று உண்டு. மூன்றே எழுத்துகளைச் சொல்லிவிட்டு, உடனே ஓர் எண்ணிலிருந்து மூன்று மூன்றாகக் குறைத்து எண்ணச் சொன்னார்கள். 18 விநாடி ஆனதும் பத்தில் ஒரு பங்கு முறைதான் எழுத்துகளைச் சரியாகச் சொல்ல முடிந்தது. மனம் வேறு வேலையில் இறங்கிவிட்டால் மறதி அவ்வளவு விரைவாக வரும். அந்த இடைவெளி இல்லாமல் உடனே கேட்டால், காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருப்பதைத்தான் திருப்பிச் சொல்வார்கள்.

மூன்று நிமிடம் கழித்து, "அந்த அட்டைகளில் என்ன எழுதியிருந்தது, நினைவில் இருப்பதைச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடியே, தப்பும் தவறுமாக, எழுதிக்கொள்ளுங்கள். அதன்பிறகே பொருள் கேட்க வேண்டும். வரிசையை மாற்றினால் பொருளைப் பேசியதே வாசகத்தை நினைவில் ஊன்றிவிடும். பொருள் கேட்கும்போதும் "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். அதற்கு யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அட்டையை மீண்டும் காட்டி, "இதைச் சொல்கிறவர்கள் என்ன செய்பவர்கள் என்று நினைக்கிறீர்கள்? உங்களுக்கு என்ன தருவதாகச் சொல்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். விளக்க ஆரம்பித்தீர்கள் என்றால் அந்த ஆள் கணக்கில் இல்லை, வேறொருவரைத் தேட வேண்டியதுதான்.

கணக்குநூல்

ஐந்து பேர் போதும் என்பதற்கு ஆய்வே இருக்கிறது. பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதினார்: ஐந்து பேரிடம் சோதித்தால் 85 விழுக்காடு தெரிந்துவிடும். ஆகவே ஐந்தில் நான்கு பேர் நினைவில் வைத்திருந்தால், ஊரில் எண்பது விழுக்காடு மக்கள் நினைவில் வைப்பார்கள் என்று 85 விழுக்காடு உறுதியாகச் சொல்லலாம். தயங்காமல் அச்சடியுங்கள்.

எழுத்தாணி

கணக்குநூல், நீல்சன் எழுதியது உண்மை. ஆனால் நீங்கள் எடுத்துக்கொண்ட பொருள் அதில் இல்லை. அவர் பேசியது இணையதளம் போன்றவற்றைப் பயன்படுத்தும்போது வரும் சிக்கல்களைப் பற்றி. ஒரு சிக்கல் ஒருவரிடம் வெளிப்படும் வாய்ப்பு சராசரியாக 31 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேரிடம் அத்தகைய சிக்கல்களில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒருமுறையாவது தலைகாட்டிவிடும் என்பது அவர் கணக்கு. அது குறைகளைக் கண்டுபிடிக்கும் கணக்கு. மக்களில் எத்தனை விழுக்காடு என்று அளக்கும் கணக்காக அதை மாற்ற முடியாது.

ஐந்து பேரை வைத்து அளந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஐந்தில் மூவர் நினைவில் வைத்திருந்தார்கள் என்றால், உண்மையான விகிதம் 15 விழுக்காட்டிலிருந்து 95 விழுக்காடு வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஐந்து பேரும் சரியாகச் சொன்னால்கூட, 55 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வாய்ப்பு குறைவு என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது.

அப்படியானால் ஐந்து பேர் எதற்கு? தவறான புரிதலைப் பிடிப்பதற்கு. பத்தில் மூன்று பேர் உங்கள் வாசகத்தைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று வைப்போம். ஐந்து பேரைக் கேட்டும் அது ஒருமுறைகூட வெளிப்படாமல் போக வாய்ப்பு 17 விழுக்காடுதான். பத்தில் ஒருவர் மட்டும் தவறாகப் புரிந்துகொள்கிறார் என்றால், ஐந்து பேரிடம் அது வெளிப்படாமல் போக 59 விழுக்காடு வாய்ப்பு. பெரிய ஓட்டை தெரியும், சிறிய ஓட்டை தப்பிவிடும்.

கணக்குநூல்

0.7ஐ ஐந்து முறை பெருக்கிப் பார்த்தேன், 0.168 வருகிறது. ஒப்புக்கொள்கிறேன். நான்கு, ஐந்து என்று எண்ணுவதைவிட, என்ன தவறு நடந்தது என்று படிப்பதுதான் இதில் வேலை என்று எடுத்துக்கொள்கிறேன்.

தறிநூல்

எனக்கும் இதில் ஒரு கேள்வி உண்டு. விளம்பரம் அல்ல, தொழிற்கூடப் பாதுகாப்பு. எங்கள் கூடத்தில் "அவசரம் வேண்டாம், ஆபத்து வேண்டாம்" என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. யாரைக் கேட்டாலும் சொற்பிசகாமல் சொல்வார்கள். ஆனாலும் ஓடும் இயந்திரத்தின் மூடியைத் திறந்து ஒருவர் விரலில் அடிபட்டுக்கொண்டார். அவரும் அந்த வாசகத்தை அறிந்தவர்தான். நினைவில் நின்றும் பயன் இல்லாமல் போனது ஏன்?

எழுத்தாணி

நினைவில் நின்றது. ஆனால் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று அதில் ஒன்றும் இல்லையே. ஆபத்து வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்ளாத மனிதர் உண்டா? பாதுகாப்பு வாசகத்துக்கு "இதன் பொருள் என்ன" என்று கேட்பதைவிட, "இதைப் படித்தபிறகு இந்த இயந்திரத்தின் முன் நின்றால் முதலில் எதைச் செய்வீர்கள், செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். பழைய தொழிலாளர்களிடம் கேட்காதீர்கள், அவர்கள் வாசகத்திலிருந்து பதில் சொல்ல மாட்டார்கள், அனுபவத்திலிருந்து சொல்வார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களை, பயிற்சி தொடங்கும் முன், இயந்திரம் மின் இணைப்பில் இல்லாதபோது கேளுங்கள்.

நீலத்தாள்

சோதனையை முடித்துவிட்டேன். நேர்மையாகச் சொல்கிறேன், நேற்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஐந்து பேரின் பதில்களையும் குறிப்பேட்டில் உள்ளபடியே எழுதுகிறேன்.

முதலாமவர் நடுத்தர வயதுக்காரர். வாசகத்தைச் சரியாகச் சொன்னார். பொருள் கேட்டதும், "பழகிய பழக்கம் போகாது என்கிறார்கள். புகைப்பழக்கத்தை விடச்செய்யும் மருத்துவமனையோ?" என்றார்.

இரண்டாமவர் மாணவி. "பழுது போகும், பழசு போகாது" என்று சொன்னார். பழைய பொருள்களை விற்பவர்கள் என்று நினைத்தாராம். பழசு என்ற சொல்லே நம் வாசகத்தில் இல்லை.

மூன்றாமவருக்குப் பின்பாதிதான் நினைவில் இருந்தது. "ஏதோ போகும், பழகினது போகாது." பொருள்: "பழகிய வாடிக்கையாளரை விட்டுவிட மாட்டோம் என்கிறார்கள்."

நான்காமவர் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது. "பழுது போகும் என்று இருந்தது. இவர்களிடம் கொடுத்தால் பழுதாகிப் போகும் என்று அவர்களே சொல்கிறார்களே, ஏன்?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்காமல் எழுதிக்கொண்டேன். அதுதான் மிகக் கடினமாக இருந்தது.

ஐந்தாமவர் வாசகத்தைச் சரியாகச் சொன்னார். "பொருளை மாற்றாமல் அதையே சரிசெய்து தருவார்கள்" என்றார். மிக அருகில் வந்தவர் இவர்தான். ஆனால் இவரும் படங்களையோ எண்களையோ பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்துப் பார்த்தேன். அந்த வரியைச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை. மறுநாள் பேசலாம் என்று எண் கொடுத்திருந்த மூவரையும் இன்று அழைத்தேன். இருவர், "ஏதோ போகும், ஏதோ போகாது" என்றார்கள். மூன்றாமவருக்கு அதுவும் நினைவில்லை.

எழுத்தாணி

வாயை மூடிக்கொண்டு எழுதினீர்களே, அதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. உங்கள் குறிப்பு மிகத் தெளிவாக இருக்கிறது. சேர்ந்து படிப்போம்.

மறுநாள் எஞ்சியது எது என்று பாருங்கள்: "ஏதோ போகும், ஏதோ போகாது." சட்டம் நின்றது, உள்ளே இருந்த படம் விழுந்தது. போகும், போகாது என்ற எதிரொலி வலுவானது, அது தங்கிவிட்டது. ஆனால் பொருளைச் சுமக்கும் இரண்டு சொற்களும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன. பழுது, பழகியது. இரண்டும் ப என்றே தொடங்கி, து என்றே முடிகின்றன. மோனை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மோனையில் நிற்கும் சொல்லை அதே ஒலியில் தொடங்கும் இன்னொரு சொல் எளிதாக இடம்பெயர்த்துவிடும். மாணவி பழசு என்று சொன்னது அதனால்தான். அவர் மறக்கவில்லை, ஒலியை வைத்துச் சொல்லைத் திரும்பக் கட்டினார், வேறு சொல் வந்து அமர்ந்துவிட்டது.

அடுத்து, பழுது போகும். நமக்கு அது பழுது நீங்கும். ஆனால் கெட்டுப் போகும், வீணாய்ப் போகும், பழுதாய்ப் போகும் என்றெல்லாம் நாள்தோறும் சொல்கிறோம். போகும் என்பது நீங்குவதையும் குறிக்கும், கெடுவதையும் குறிக்கும். நான்காமவர் தவறாகப் படிக்கவில்லை, தமிழில் இருக்கும் பொருளைத்தான் படித்தார். பழுதுபார்ப்பவர்களின் பலகையில் இது பெரிய விபத்து.

பழகியது என்ற சொல்லைப் பாருங்கள். மூன்று பேர், மூன்று பொருள்: பழக்கம், உறவு, அந்தக் கைபேசியே. உங்கள் மனத்தில் அது படங்களும் எண்களும். ஆனால் அந்தப் படங்கள் வாசகத்தில் எங்கே இருக்கின்றன?

பனித்துளி

குறுக்கே வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனை ஒரு வகையில் அநியாயம் என்று நினைக்கிறேன். பெரிய நிறுவனங்களின் வாசகங்கள் பலவற்றை முதல்முறை கேட்டபோது யாருக்கும் எதுவும் புரிந்திருக்காது. ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பக் கேட்டதால் பொருள் ஏறியது. ஐந்து விநாடி காட்டிவிட்டுப் புரியவில்லை என்று தள்ளினால், புதுமையான எந்த வாசகமும் பிழைக்காது. தட்டையான வாசகங்களே தேர்வாகும்.

எழுத்தாணி

உங்கள் வாதத்தில் வலு இருக்கிறது. நூறுமுறை கேட்கப்போகும் வாசகத்துக்கு இந்தச் சோதனை சரியான அளவுகோல் அல்ல. ஆனால் திரும்பத் திரும்பச் சொல்லப் பணமும் காலமும் வேண்டும். சிறுதொழில் செய்பவரின் பலகையை ஒருவர் கைபேசி உடைந்த நாளில் ஒருமுறை பார்ப்பார், அவ்வளவுதான். மேலும், புரியாத வாசகம் காலப்போக்கில் பொருள் பெறலாம். தலைகீழாகப் புரியும் வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் தலைகீழ்ப் பொருள்தான் ஆழமாகப் பதியும்.

பனித்துளி

தலைகீழ்ப் பொருளைப் பொறுத்தவரை ஏற்கிறேன். நினைவைப் பொறுத்தவரை ஏற்கவில்லை. ஒரே பார்வையில் மறந்துபோகிறது என்பதற்காக மட்டும் ஒரு நல்ல வாசகத்தை நான் கைவிட மாட்டேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. நினைவுச் சோதனை என்று சொல்லாமல் ஒருவரை உட்காரவைப்பது ஏமாற்று இல்லையா?

நீலத்தாள்

எனக்கும் அந்த உறுத்தல் இருந்தது. "மூன்று அட்டைகளில் எழுத்து படிக்க வசதியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா, பிறகு சில கேள்விகள் கேட்பேன்" என்றுதான் தொடங்கினேன். எழுத்தைப் பற்றி அவர்கள் சொன்னதையும் குறித்துக்கொண்டேன், ஏனென்றால் அதுவும் எனக்கு உண்மையிலேயே வேண்டும். முடிவில் எதற்காகக் கேட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். யாரும் வருத்தப்படவில்லை. நான்காமவர், "பலகையில் அதைப் போட்டுவிடாதே அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதிய வாசகம் ஒன்றை எழுதியிருக்கிறோம். படங்களை வாசகத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டோம்:

பழுது நீங்கும், படங்கள் தங்கும்.

அதே ஐந்து பேரிடம் இதைக் காட்டலாமா?

எழுத்தாணி

வேண்டாம். அவர்களுக்கு இப்போது உங்கள் தொழில் தெரியும், அவர்களும் உங்கள் நண்பர்கள் ஆகிவிட்டார்கள். புதிதாக ஐந்து பேர். இரண்டு வாசகங்களையும் ஒரே ஆளிடம் காட்டி ஒப்பிடவும் வேண்டாம், ஒன்றின் சொற்கள் மற்றொன்றில் கலந்துவிடும்.

நீங்கும், தங்கும் நன்றாக இருக்கிறது. நீங்கும் என்பதற்குக் கெடும் என்ற பொருள் கிடையாது. இந்த முறை பொருள் கேட்கும் இடத்தில் ஒரு படி சேருங்கள். முதலில் வாசகம் மட்டும் உள்ள அட்டை. பதில் வாங்கியபிறகு, வாசகத்தின் கீழே "கைபேசி பழுதுபார்ப்பு" என்று எழுதிய அட்டை. பலகையில் அந்தச் சொல் எப்படியும் இருக்கும் அல்லவா. எந்தக் குழப்பம் அந்தச் சொல்லால் தீர்கிறது, எது தீரவில்லை என்று பிரித்துப் பார்க்க முடியும்.

தறிநூல்

எழுத்தாணி ஐயா சொன்னபடி செய்து பார்த்தேன். "கை வைக்கும் முன் மின்சாரத்தை நிறுத்து" என்று புதிய வாசகம் எழுதி, புதிதாகச் சேர்ந்த ஐந்து பேரிடம் காட்டி, செய்து காட்டச் சொன்னேன். ஐந்து பேருக்கும் நினைவில் இருந்தது. நான்கு பேர் சுவரிலுள்ள முதன்மை மின்சுவிட்சை நோக்கிப் போனார்கள். ஒருவர் மட்டும் இயந்திரத்தில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினார். நிறுத்து என்றதும் நிறுத்தும் பொத்தான்தான் அவருக்குத் தோன்றியது. அந்தப் பொத்தானை அழுத்தினால் இயந்திரம் நிற்கும், மின்சாரம் நிற்காது. மேசையில் உட்கார்ந்து பொருள் கேட்டிருந்தால் ஐந்து பேரும் சரியாகவே சொல்லியிருப்பார்கள்.

கணக்குநூல்

ஐந்தில் ஒருவர்தானே என்று விட முடியுமா?

தறிநூல்

விரல் போகும் இடத்தில் ஒருவரே அதிகம். "சுவர் சுவிட்சை அணைத்தபின் கை வை" என்று மாற்றி, அடுத்து சேர்பவர்களிடம் மீண்டும் பார்க்கப்போகிறேன். ஓசை போய்விட்டது, பரவாயில்லை.

வெள்ளோட்டம்

எங்கள் சங்கத்தில் வாக்கெடுப்பில் வென்ற வாசகத்தை இரண்டு புதுக் குடித்தனக்காரர்களிடம் நேற்று கேட்டுப் பார்த்தேன். மாடிப்படியில் ஒரு மாதமாக ஒட்டியிருக்கிறது. ஒருவர், அப்படி ஒன்று ஒட்டியிருக்கிறதா என்று கேட்டார்.

நீலத்தாள்

இரண்டாவது சோதனையும் முடிந்தது. புதிய ஐந்து பேர்.

நால்வர் சொல் பிசகாமல் சொன்னார்கள். ஒருவர் "பழுது நீங்கும், படம் தங்கும்" என்றார். அதையும் நினைவில் நின்றதாகவே எடுத்துக்கொண்டேன், பொருள் மாறவில்லை.

கைபேசி என்ற சொல் இல்லாத முதல் அட்டைக்கு, மூவர் உடனே "கைபேசியோ கணினியோ சரிசெய்வார்கள், படங்கள் அழியாது" என்றார்கள். ஒருவர் தொலைக்காட்சி என்று நினைத்தார். படம் அறுந்துபோகாமல் தெளிவாகத் தெரியும் என்று பொருள் சொன்னார். ஐந்தாமவர் யோசித்துவிட்டு ஏதோ பழுதுபார்ப்பு, அதற்குமேல் தெரியவில்லை என்றார். இரண்டாவது அட்டையைக் காட்டியதும் இந்த இருவருமே "ஓ, கைபேசியில் உள்ள படங்கள்" என்று திருத்திக்கொண்டார்கள். தொலைக்காட்சிக் குழப்பம் பலகையிலேயே தீர்ந்துவிடும் என்று தெரிகிறது.

மறுநாள் நால்வரை அழைக்க முடிந்தது. மூவர் முழுதாகச் சொன்னார்கள். ஒருவர் "படங்கள் தங்கும்" என்று மட்டும் சொன்னார். நமக்கு வேண்டிய பாதி அதுதான்.

ஆனால் இரண்டு சங்கடங்கள் புதிதாக வந்திருக்கின்றன. ஒருவர், "படங்கள் மட்டுமா? எண்கள் போய்விடுமா?" என்று கேட்டார். இன்னொருவர் கேட்டதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "தண்ணீரில் விழுந்து முழுவதும் செத்துப்போன கைபேசியைக் கொடுத்தாலும் படங்கள் தங்குமா? எழுதியே போட்டிருக்கிறீர்களே" என்றார். திரை, மின்கலம் மாற்றும்போது படங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நினைவகச் சில்லே கெட்டிருந்தால் எங்களால் மீட்க முடியாது. பழைய வாசகம் யாருக்கும் எதையும் வாக்குறுதி தரவில்லை, அதனால் இந்தக் கேள்வி எழவே இல்லை. இப்போது தெளிவாகப் புரிகிறது, புரிந்த அளவுக்கு எங்களைப் பிடித்துக்கொள்கிறது.

எழுத்தாணி

முதல் சங்கடம் சிறியது. எண்கள், செய்திகள் எல்லாவற்றையும் வாசகத்துக்குள் திணித்தால் நினைவு போய்விடும். அதைத் துண்டறிக்கையின் அடுத்த வரியில் சொல்லுங்கள். படங்கள் தங்கும் என்று நம்புகிறவர் எண்களும் தங்கும் என்றே பெரும்பாலும் எண்ணுவார். ஒருவர் ஐயப்பட்டார் என்பதற்காக வாசகத்தை நீட்ட மாட்டேன்.

இரண்டாவது வேறு வகை. அது வாசகத்தின் குறை அல்ல, வாக்குறுதியின் எல்லை. சோதனையில் ஒருவர் அதைக் கேட்டார் என்றால், பணம் கொடுத்த வாடிக்கையாளர் கோபத்தோடு கேட்பார். கைபேசியை வாங்கும்போதே பார்த்து, "இதில் படங்களைக் காப்பாற்ற முடியும், இதில் உறுதி சொல்ல முடியாது" என்று எழுதித் தரும் வழக்கத்தை வைத்துக்கொள்வீர்கள் என்றால், நான் இந்த வாசகத்தை அப்படியே போடுவேன்.

பனித்துளி

நான் போட மாட்டேன். ரசீதில் எழுதித் தருவதைப் பலகையைப் பார்ப்பவர் படிக்க மாட்டார். எல்லோரும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும் வாசகம் சில நேரம் பொய்யாகும் என்றால், அதைத் தெளிவாகச் சொல்வது இன்னும் மோசம். "பழுது நீங்கும், படங்களை அழிக்கமாட்டோம்" என்று சொல்லலாமே. அது எப்போதும் உண்மை.

எழுத்தாணி

உண்மைதான். ஆனால் எதிர்மறை வந்துவிட்டது. எதிர்மறைச் சொல் நினைவில் முதலில் உதிரக்கூடியது. "படங்கள்... அழிப்பு..." என்று மட்டும் எஞ்சினால்?

பனித்துளி

எஞ்சுமா என்று நீங்களும் நானும் வாதிடுவானேன். ஐந்து பேரிடம் கேட்டுவிடலாமே.

நீலத்தாள்

அச்சகத்துக்கு ஒரு வாரம் தள்ளிச் சொல்லிவிட்டேன். தோழி எழுத்தாணி ஐயாவின் பக்கம், நான் பனித்துளியின் பக்கம் சாய்கிறேன். பனித்துளியின் வாசகத்தை அட்டையில் எழுதி வெட்டி வைத்துவிட்டேன். நாளைக் காலையில் புதிதாக ஐந்து பேரைத் தேடிப் போகிறேன். இந்த முறை தண்ணீரில் விழுந்த கைபேசியைப் பற்றி ஐந்து பேரிடமும் நானே கடைசியில் கேட்கப்போகிறேன்.